முதன்முறை கேம் ஜாமுக்கு வரும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த மாணவர்களுக்கு,

வரும் வெள்ளிக்கிழமை மாலை நம் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் தொடங்கவிருக்கும், 48 மணி நேரத்தில் ஒரு கணினி ஆட்டத்தைச் செய்து முடிக்கும் கேம் ஜாமுக்குத் தொடக்க உரை ஆற்றும்படி ஒருங்கிணைப்பாளர்கள் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் மேடையில் பேசும்போது, கருப்பொருளை எப்போது அறிவிப்பார்கள் என்பதிலேயே உங்கள் மனம் இருக்கும். ஆகவே அங்கே சொல்ல வேண்டியதை முன்னதாகவே எழுதிவிடுகிறேன். இதுவரை ஓர் ஆட்டத்தைக்கூட முழுமையாகச் செய்து முடிக்காதவர்களுக்கே இம்மடல்; அனுபவம் உள்ளவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

ஓர் ஆட்டம் முடிந்துவிட்டதா என்பதை நான் ஒரே சோதனையால்தான் முடிவு செய்வேன். உங்களை அறியாத ஒருவர், நீங்கள் அருகில் நின்று விளக்காமல், உலாவியில் அதைத் திறந்து, தொடங்கி, விளையாடி, தோற்றோ வென்றோ, மறுபடியும் தொடங்க முடிய வேண்டும். தொடக்கம், ஆட்டம், முடிவு, மறுதொடக்கம் என்னும் இந்தச் சுற்று முழுமையாக இருந்தால், திரையில் இருப்பவை வெறும் வண்ணச் சதுரங்களாக இருந்தாலும் அது முடிந்த ஆட்டம். இந்தச் சுற்று அறுந்திருந்தால், கதாநாயகன் ஓடுவதற்குப் பன்னிரண்டு ஓவியங்கள் வரைந்து வைத்திருந்தாலும் அது முடியாத ஆட்டமே.

இந்த இடத்தில் 'செலஸ்ட்' ஆட்டத்தை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். 2018இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற அந்த ஆட்டத்தின் முதல் வடிவத்தை இருவர் 2015இல் நான்கே நாட்களில் செய்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே முழு ஆட்டங்களைச் செய்து வெளியிட்டுப் பழகிய கைகள் அவை. அதோடு, அவர்கள் பயன்படுத்திய பிக்கோ-8 என்னும் மென்பொருளில் திரையே 128க்கு 128 பிக்சல்தான், நிறங்கள் பதினாறுதான். அந்த நான்கு நாட்களில் அவர்களுடைய துணிச்சலை விட இந்த வரம்புகளே நமக்குப் பாடம் என்று நினைக்கிறேன். அந்த வரம்பை வெள்ளி இரவே நீங்களாக விதித்துக்கொள்ள வேண்டும்.

எப்படி என்பதை ஒரே ஓர் ஆட்டத்தை வைத்துக் காட்டுகிறேன். கருப்பொருள் 'மழை' என்று அறிவிக்கப்படுவதாகக் கொள்வோம். முதல் அரை மணி நேரத்தில் பெரும்பாலான குழுக்களின் தாளில் வெள்ளம் சூழ்ந்த ஊர், படகில் மக்களை மீட்பது, ஊராரோடு உரையாடல், பத்துக் கட்டங்கள், இறுதியில் அணை உடைவது என்றெல்லாம் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தாளைக் கிழிக்க வேண்டாம். அதில் வரும் செயல்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். படகு ஓட்டுதல், ஆளை ஏற்றுதல், பேசுதல், பொருள் சேர்த்தல் என்று ஒவ்வொரு செயலுக்கும் தனி நிரல், தனி ஓவியம், தனிப் பிழைகள் உண்டு. முதல் ஜாமில் ஒரு செயலுக்குத்தான் நேரம் இருக்கிறது. ஆகவே கூரை ஒழுகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து நீர்த்துளிகள் விழுகின்றன. ஒரு பாத்திரத்தை இடமும் வலமும் நகர்த்தி அவற்றைப் பிடிக்க வேண்டும். மூன்று துளிகள் தரையில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இதில் கதையும் இல்லை, கட்டங்களும் இல்லை.

ஆட்டங்களை உருவாக்க உதவும் கோடோ என்னும் இலவச இன்ஜினில் பாத்திரத்தை நகர்த்துவதற்கு வேண்டிய நிரல் இவ்வளவுதான்:

```
extends CharacterBody2D
const SPEED = 300.0

func _physics_process(_delta):
    velocity.x = Input.get_axis("ui_left", "ui_right") * SPEED
    move_and_slide()
```

பாத்திரம் ஒரு சதுரம், துளி ஒரு சிறு சதுரம், மேலே ஓர் எண். வெள்ளி இரவு உறங்கப் போகுமுன் இந்தச் சதுரங்களோடு சுற்று முழுவதும் ஓட வேண்டும், அது இணையத்திலும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். ஓவியம் வரைபவர் குழுவில் இருந்தால் அவருக்கு இது பொறுமையைச் சோதிக்கும் இரவுதான். ஆனாலும் பாத்திரத்தின் இறுதி அளவு முடிவாகாமல் அவர் வரைவது வீண் உழைப்பு.

சனிக்கிழமையின் வேலை ஆட்டத்தை விளையாடத் தக்கதாக்குவது. துளிகள் எங்கே விழ வேண்டும் என்பதைத் தற்செயலுக்கு விட்டுவிடுவதுதான் எளிது. திரை 1152 பிக்சல் அகலம் என்றால், அதற்குள் ஏதோ ஓரிடம் என்று நிரல் எழுதிவிடலாம். விளையாடிப் பார்த்தால் சில துளிகளை எவராலும் பிடிக்க முடியாது. காரணம் எளிய கணக்கு. பாத்திரம் ஒரு நொடிக்கு 300 பிக்சல் நகர்கிறது. துளிகள் 0.8 நொடிக்கு ஒன்றாக, எல்லாம் ஒரே வேகத்தில் விழுகின்றன. அப்படியானால் ஒரு துளியைப் பிடித்ததற்கும் அடுத்தது தரையைத் தொடுவதற்கும் இடையே பாத்திரம் கடக்கக்கூடிய தூரம் 240 பிக்சல். பாத்திரத்தின் அகலம் அதற்கு மேல் சிறிது கைகொடுக்கலாம். அடுத்த துளி 900 பிக்சலுக்கு அப்பால் விழுந்தால் அது ஆடுபவரின் தோல்வி ஆகாது. துளி விழும் வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று பலர் முதலில் நினைப்பார்கள். அது பயன் தராது. காற்றில் பல துளிகள் இருக்கும்போது, ஒன்று எவ்வளவு நேரம் விழுகிறது என்பதை விட, இரண்டு துளிகளுக்கு இடையே எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே எல்லையைத் தீர்மானிக்கிறது. எனவே, துளிகளின் இடைவெளியை எல்லாக் காட்சிகளுக்கும் பொதுவான `Global` என்னும் ஆட்டோலோட் நிரலில் வைத்துக்கொண்டு, அடுத்த துளியின் இடத்தை முந்தைய துளியிலிருந்து கணக்கிட வேண்டும்:

```
var reach = SPEED * Global.interval * 0.8
next_x = clampf(last_x + randf_range(-reach, reach), 60, 1092)
last_x = next_x
```

முதல் வரியின் கடைசியில் உள்ள 0.8 என்னும் பெருக்கல், ஆடுபவர் தயங்கும் நேரத்துக்காக விடப்படும் இடம். அதை 0.9 ஆக்கினால் ஆட்டம் கடினமாகும், 0.6 ஆக்கினால் இலகுவாகும். இடைவெளியை 1.2 நொடியில் தொடங்கி, ஆட்டம் நீள நீள மெல்ல 0.6 நொடிக்குக் கொண்டுவந்தால், தனிக் கட்டங்கள் எதையும் செய்யாமலே ஆட்டம் படிப்படியாகச் சூடேறும். இந்த இரண்டு எண்களையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதில் சனிக்கிழமை மதியம் முழுதும் போனாலும் தவறில்லை. பத்துக் கட்டங்கள் கட்டுவதில் போகும் நேரத்தை விட இது நல்ல செலவு.

உங்கள் ஆட்டத்தைப் பிறர் விளையாடுவதைப் பார்க்கும்போது வாய் திறக்காதீர்கள். அவர் தோற்றதும் மறுபடியும் ஆடச் சொல்லுங்கள், ஏனென்றால் புதியவர்களின் ஆட்டங்களில் மிகுதியான பிழைகள் இரண்டாவது சுற்றில்தான் வெளிப்படுகின்றன. முதல் சுற்றில் எல்லாம் சரியாக இருக்கும். மறுதொடக்கத்தில் மதிப்பெண் பழையபடியே நிற்கும், அல்லது துளிகள் தொடக்கத்திலேயே உச்ச வேகத்தில் கொட்டும், அல்லது திரை அசையாமல் உறைந்துவிடும். காட்சியை மீண்டும் ஏற்றும்போது அந்தக் காட்சிக்குள் இருப்பவை மட்டுமே புதிதாகின்றன; எல்லாக் காட்சிகளுக்கும் பொதுவாக நீங்கள் வைத்த மாறிகளும், ஆட்டம் முடிந்தபோது நீங்கள் போட்ட இடைநிறுத்தமும் அப்படியே இருக்கும். ஆகவே அவற்றை நீங்களே திருப்பி வைக்க வேண்டும்:

```
func restart():
    Global.score = 0
    Global.interval = 1.2
    get_tree().paused = false
    get_tree().reload_current_scene()
```

இந்த நிரலை அழைக்கும் பொத்தானும் இடைநிறுத்தத்தில் சிக்கி உறங்கிவிடக் கூடாது. அதன் `process_mode` அமைப்பை `Always` என்று மாற்றுங்கள். மறுதொடக்கத்தை ஞாயிறு மாலைக்குத் தள்ளிவைப்பவர்கள் இந்தப் பிழைகளையெல்லாம் கடைசி மணி நேரத்தில் ஒன்றாகச் சந்திக்கிறார்கள்.

வெள்ளி இரவே இணையத்தில் ஏற்றச் சொல்வதற்கும் இதே போன்ற காரணங்கள்தான். உங்கள் விண்டோஸ் கணினியில் `Drop.png`, `drop.png` இரண்டும் ஒரே கோப்பு. ஏற்றுமதி செய்தபின் அவை வேறு வேறு. நிரலில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் படம் வராது. உலாவிகளோ, ஆடுபவர் ஒரு முறையாவது சொடுக்கும் வரை அல்லது விசையை அழுத்தும் வரை ஒலியை எழுப்ப விடுவதில்லை. 'தொடங்க அழுத்தவும்' என்று ஒரு முகப்புத் திரை வைத்தால் அந்தச் சிக்கல் தானாகத் தீரும். ஆட்டங்களை வெளியிட உதவும் itch.io தளத்தில் ஏற்றும் ஜிப் கோப்பில் `index.html` என்னும் பெயரில் முதன்மைக் கோப்பு இருக்க வேண்டும் என்பதையும் முதல் முறை ஏற்றும்போதுதான் பலர் அறிகிறார்கள். இவற்றில் எதுவும் கடினமில்லை. ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்கு, ஆய்வகத்தின் இணைய இணைப்பை எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டிருக்கும்போது அறிந்துகொள்ள நேர்வதுதான் கடினம்.

சனிக்கிழமை இரவு உணவுக்குப் பிறகு புதிய அம்சம் எதையும் சேர்ப்பதில்லை என்று குழுவாக ஒப்புக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை எழும் புதிய எண்ணங்களை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, துளி பாத்திரத்தில் விழும்போது ஒரு 'டங்' ஒலி, தவறும்போது திரையில் ஒரு சிறு அதிர்வு, சதுரங்களுக்குப் பதில் ஓவியங்கள் என்று இருப்பதை மெருகேற்றுங்கள். 'டங்' ஒலிக்கு வீட்டுச் சொம்பும் கைப்பேசியும் போதும். ஒவ்வொன்றையும் சேர்த்தபின் சுற்று ஓடுகிறதா என்று பார்த்து, ஓடும் பிரதியைத் தனியாகச் சேமியுங்கள். அடுத்தது கெட்டுப்போனால் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கும்.

மூத்த மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். முதலாமாண்டு மாணவர்களை உங்கள் பெரிய திட்டத்தில் மரம் வரையவும் பட்டியல் தட்டவும் வைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து தங்கள் சிறு ஆட்டத்தைத் தாங்களே முடிக்கட்டும். சிக்கிக்கொள்ளும்போது பத்து நிமிடம் அருகில் அமர்ந்து உதவினால் போதும். ஒருங்கிணைப்பாளர்களும் பரிசுப் பட்டியலில் சிறந்த ஓவியம், சிறந்த இசை ஆகியவற்றோடு, சுற்று முழுமையாக ஓடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு சான்றிதழ் வைப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி முதல் நான் ஆய்வகத்தின் பின்வரிசையில் இருப்பேன். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், இணைப்பை மட்டும் அனுப்புங்கள். என் கைப்பேசி உலாவியில் திறக்காத ஆட்டத்தைப் பற்றி நான் கருத்துச் சொல்ல மாட்டேன். திறக்கும் ஆட்டத்தை இரண்டு முறை ஆடிவிட்டுத்தான் பேசுவேன். விசைப்பலகை இல்லாத கைப்பேசியில் பாத்திரத்தை எப்படி நகர்த்துவது என்பதற்கும் வெள்ளி இரவே வழி செய்துவிடுங்கள்.

அன்புடன்,
இத்துறையில் பணிபுரியும் உங்கள் முன்னாள் மாணவர் ஒருவர்