நாற்பதாம் ஆண்டில் ஏரல் மக்களுக்கு ஒரு பாத்திரக் கடையின் நன்றி

ஏரல்காரர்களுக்கும் சுற்றுவட்டாரத்து மக்களுக்கும், ஆத்துக்கு அந்தப் பக்கமிருந்து பஜாருக்கு வந்து போகிற எல்லோருக்கும் வணக்கம்.

இந்தத் தையோடு நம் பாத்திரக் கடைக்கு 40 வயது. 1984 தையில் அப்பா ஆரம்பித்தது. 2023 மார்கழி பிறந்த அன்று வந்த வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. நீங்களும் அதே தண்ணீரில்தான் நின்றீர்கள். கடை திறந்திருக்கிறது, அதற்குக் காரணமானவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இந்த மடல்.

தண்ணீர் வடிந்தபோது பொங்கலுக்கு இறக்கிய சரக்கு முழுக்கச் சேற்றில் கிடந்தது. எவர்சில்வரைக் கழுவினால் போதும். பித்தளை அப்படியில்லை. சேறு ஒட்டிய இடமெல்லாம் கறுப்புத் திட்டு, விளிம்புகளில் பச்சைக் களிம்பு. குத்துவிளக்கைத் திருகிக் கழற்றினால் மரைக்குள்ளிருந்து வண்டல் கொட்டியது. பழைய பித்தளை விலைக்கு மொத்தமாக எடுத்துக்கொள்வதாக ஒரு வியாபாரி சொன்னார். நானும் சரி என்று சொல்லி, வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது.

அந்த நேரத்தில்தான் ஆச்சி வந்தார். பக்கத்துக் கிராமத்துக்காரர், அப்பா காலத்திலிருந்து நம்மிடம் வாங்குகிறவர். அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறியிருந்தது. பரணில் வைத்திருந்த பழைய புளி மட்டும் தப்பியிருக்கிறது. அதில் ஒரு உருண்டையைத் துணியில் முடிந்து எடுத்து வந்திருந்தார்.

"யய்யா, பித்தளைக்கு என்ன சாவா வந்திருக்கு? புளி போட்டுத் தேய்ச்சா எந்திரிச்சிரும். வித்துராத" என்று சொல்லிவிட்டு, கடைப்படியில் உட்கார்ந்து ஒரு குடத்தை மடியோடு அணைத்துக்கொண்டார்.

புளியைக் கெட்டியாகக் கரைத்து, அதில் ஒரு கை கல் உப்பு. தேங்காய் நாரில் தொட்டு, குடத்தின் கழுத்திலிருந்து கீழே வட்டமாகத் தேய்த்தார். பூசிவிட்டுக் காயவிடக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே தேய்த்தார். காய்ந்தால் அந்த இடம் மட்டும் செம்பு நிறத்தில் திட்டாக நின்றுவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, உடனே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். கடைசியில் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து திருநீற்றை எடுத்து உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்தார். பொன் மாதிரி வந்துவிட்டது குடம்.

நாற்பது ஆண்டுகளாகப் பித்தளை விற்கிற குடும்பம் எங்களுடையது. புளியும் உப்பும் எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அன்றைக்கு அந்த மலையைப் பார்த்து என் கை ஓய்ந்துபோயிருந்தது. தன் வீட்டைக் கழுவி முடிக்காத ஒருத்தர் வந்து என் குடத்தைத் தேய்த்தபோதுதான் எனக்கு அழுகையே வந்தது. வண்டியைத் திருப்பி அனுப்பினேன். ஆச்சி ஒரு டீ மட்டும் குடித்துவிட்டுப் போய், மறுநாள் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூலி என்று பேச்சை எடுத்ததற்குத் திட்டினார்.

அந்தப் பாத்திரங்களைத்தான் பொங்கலுக்கு விற்றேன். வெள்ளத்தில் கிடந்து கழுவியது என்று சொல்லியே விற்றேன். தெரிந்தும் மகளுக்குப் பொங்கப்படி கொடுக்க அதையே வாங்கிப்போனீர்கள். கடையின் கணக்கு நோட்டு கரைந்துபோன பிறகும் பாத்திரச் சீட்டு அட்டையைக் கொண்டுவந்து கட்டியதைச் சரியாகச் சொன்னவர்கள், பாக்கியை நாளைக்குத் தா என்ற மொத்தக் கடைக்காரர்கள், சேறு வாரிய பிள்ளைகள், தங்கள் கடையும் நனைந்திருக்க எங்களுக்குத் தராசு கொடுத்த எதிர்க்கடை அண்ணாச்சி, எல்லோருக்கும் கும்பிடு.

இதற்குப் பதிலாக ஆண்டுவிழாத் தள்ளுபடி என்று பாதி விலை பலகை வைக்க எனக்கு மனம் வரவில்லை. பித்தளை எடைக்கு விற்கிற பொருள். செம்பும் துத்தநாகமும் என்ன விலையோ அதையொட்டித்தான் கிலோ விலை. பாதி விலை என்றால் முதலில் விலையை ஏற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் தகடு மெலிந்திருக்க வேண்டும். உங்களிடம் அதைச் செய்ய மாட்டேன். எங்களால் உண்மையாகத் தர முடிந்தது இரண்டுதான். தை அமாவாசை தொடங்கி மாசி முடிய அந்த இரண்டையும் தருகிறோம்.

முதலாவது, எடைக்கு எடை. வழக்கமாகப் பழைய பித்தளையைக் குறைந்த விலைக்கு எடுப்போம், பற்று, அழுக்கு என்று கழிவும் பிடிப்போம். இந்தத் தடவை இரண்டும் இல்லை. நசுங்கிய குடம் ஒன்று 3 கிலோ இருக்கிறது என்றால், 2 கிலோவில் ஒரு பொங்கல் பானையும் 1 கிலோவில் ஒரு விளக்கும் எடுத்துக்கொள்ளலாம். செய்கூலி மட்டும் கொடுங்கள். புதியது 200 கிராம் கூடுதலாக இருந்தால் அந்த 200 கிராமுக்கு மட்டும் அன்றைய விலை. இரும்புக் கைப்பிடி இருந்தால் கழற்றிவிட்டு எடை போடுவோம், உங்கள் கண் முன்னால்.

வெண்கலத்தை மட்டும் இதில் கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் கிடக்கிற பழைய உருளி பெரும்பாலும் வெண்கலமாகத்தான் இருக்கும், அதற்கு விலை கூட. கையில் தொங்கவிட்டுத் தட்டினால் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும். பித்தளை சட்டென்று அடங்கிவிடும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம். விற்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஈயப் பூச்சு. வெள்ளத்தில் நனைந்த பித்தளைச் சமையல் பாத்திரம் எதுவானாலும், எந்தக் கடையில் வாங்கியிருந்தாலும், காசில்லாமல் பூசித் தருகிறோம். உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பித்த பாத்திரத்தில் புளிக்குழம்போ ரசமோ வைத்தால் களிம்பு இறங்கும், அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். வாசலிலேயே கரி அடுப்பு போடுகிறோம். பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, வெள்ளைப் புகை எழும்போது வெள்ளீயத்தை வைத்துப் பஞ்சால் இழுப்பதை நின்று பார்க்கலாம். ஈயக் கட்டியையும் கையில் வாங்கிப் பாருங்கள். காரீயம் கலந்திருந்தால் காகிதத்தில் இழுக்கும்போது பென்சில் மாதிரி கறுப்புக் கோடு விழும். மெல்லிய வெள்ளீயக் குச்சியை வளைத்தால் நெறுநெறுவென்று சத்தம் கேட்கும். யார் பூசிக் கொடுத்தாலும் இதைக் கேட்டு வாங்குங்கள், காரீயம் குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. அப்புறம், பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் காயவிடாதீர்கள். தண்ணீரோ எண்ணெயோ ஊற்றிவிட்டுத்தான் தீ மூட்ட வேண்டும், இல்லையென்றால் பூச்சு உருகி ஓரத்தில் திரண்டுவிடும்.

தை அமாவாசைக் கூட்டத்தில் பாத்திரங்கள் மாறிப்போக வாய்ப்புண்டு. பெயர் வெட்டாத பாத்திரமென்றால் கைப்பிடியிலோ கழுத்திலோ பெயர் எழுதிய துணியைக் கட்டிக் கொடுங்கள். காலையில் கொடுத்தால் சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம். துலக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை, புளியும் உப்பும் இங்கேயே இருக்கிறது.