டிரெய்லர் ஓடியது, படம் ஓடவில்லை

அன்புள்ள கண்ணுவுக்கு,

நேற்று போனில் நீ "டிவியை முழுசா ரீசெட் பண்ணிடுங்கப்பா" என்றாய். நான் அதைச் செய்யவில்லை. செய்யாமலேயே சரியாகிவிட்டது. உன் டிவியிலும் ஒருநாள் இப்படி வரலாம் என்பதால் எழுதுகிறேன்.

டிவியில் நாங்கள் படம் பார்க்கும் அந்த ஒரு ஆப் மட்டும்தான் மக்கர். படங்களின் பட்டியல் பளிச்சென்று வருகிறது. ப்ளேயை அழுத்தினால் வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில் 'இயக்குவதில் பிழை'. மற்ற ஆப்களில் வீடியோ தடங்கலில்லாமல் ஓடுகிறது. நானும் முதலில் வைஃபையைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் அதே வைஃபையில், அதே கணக்கில், என் போனில் அந்தப் படம் ஓடியது. அப்படியென்றால் கணக்கிலோ கம்பெனியிலோ கோளாறு இல்லை. போனிலும் ஓடாமல் இருந்திருந்தால் பேசாமல் காத்திருந்திருப்பேன்.

அப்புறம் டிவியில் ஒரு டிரெய்லரைப் போட்டேன். அது ஓடியது! அங்கேதான் பிடி கிடைத்தது. படம் பூட்டிய பெட்டி மாதிரி வருகிறது. அதைத் திறக்கும் சாவியை, உரிமம் என்பார்கள், டிவி தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். டிரெய்லருக்குப் பெரும்பாலும் அந்தப் பூட்டு கிடையாது. சாவி வாங்கும் இடத்தில் தடுமாறினால் பட்டியல் வரும், டிரெய்லர் ஓடும், படம் மட்டும் நிற்கும். டிவியின் தேதி, நேரம் தப்பாக இருந்தாலும் சாவி மறுக்கப்படலாம். பார்த்தேன், சரியாகவே இருந்தது.

ரிமோட்டில் அணைத்தால் டிவி பெரும்பாலும் தூங்கத்தான் செய்கிறது. உள்ளே சிக்கிக்கொண்டது அப்படியே இருக்கும். அதனால் பிளக்கைப் பிடுங்கி இரண்டு நிமிடம் விட்டேன். பல நேரம் இதுவே போதும். எனக்குப் போதவில்லை. செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் திறந்து 'கேஷ்' அழித்தேன், அதுவும் பலிக்கவில்லை. அதற்குக் கீழே இருந்த 'டேட்டா'வை அழித்த பிறகுதான் படம் ஓடியது. கேஷ் என்பது தற்காலிகக் குப்பை. டேட்டாவில் லாகின், பழைய உரிமத் தகவல் எல்லாம் இருக்கும். அதை அழித்தால் ஆப் புதிதாகப் போட்டது போல ஆகிவிடும். சில டிவிகளில் இந்த வசதி இருக்காது. அங்கே ஆப்பை நீக்கிவிட்டுத் திரும்பப் போட வேண்டும். ஆப்புக்கும் டிவிக்கும் அப்டேட் இருக்கிறதா என்றும் பார். நீ சொன்ன ரீசெட் கடைசி ஆயுதம், எல்லா ஆப்பிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும்.

ஒன்று மட்டும் எனக்குத் தவறிவிட்டது. பிழையோடு ஓர் எண் வந்தது, குறித்துக்கொள்ளாமல் ஓகே அழுத்திவிட்டேன். நீ போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள். வாடிக்கையாளர் சேவையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

உன் பாஸ்வேர்டை அம்புக்குறியால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவதற்குள் அம்மா தூங்கியே போய்விட்டாள். பாதியில் விட்ட இடம் கணக்கிலேயே பதிவாகியிருந்தது, இன்று ராத்திரி அங்கிருந்து பார்க்கப் போகிறோம்.

அன்புடன்,
அப்பா