2024-25 ஆண்டறிக்கை: கேரட் கழுவும் நிலையத்தின் மின்கட்டணக் கணக்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கேத்தி பாலாடாவிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

உறுப்பினர் எண்ணிக்கை சென்ற ஆண்டைப் போலவே 64. கூட்டங்கள் உரிய காலத்தில் நடந்தன. வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆண்டு முழுவதும் நம்மிடையே மனக்கசப்பை உண்டாக்கிய ஒரே விஷயம் கழுவும் நிலையத்தின் மின்கட்டணம் என்பதால், இந்த அறிக்கையை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

மூட்டைக்கு இத்தனை என்று நாம் வாங்கும் தொகையில் ஆள்கூலி தனி, மின்சாரத்துக்கான பங்கு தனி. மின்சாரப் பங்காக மூட்டைக்கு 3 ரூபாய் வாங்கி வருகிறோம். கடந்த ஆண்டு 41,400 மூட்டைகள் கழுவப்பட்டதால் 1,24,200 ரூபாய் வசூலாயிற்று. ஆறு ரசீதுகளுக்கும் சேர்த்து நாம் கட்டியது 1,23,950 ரூபாய். ஆண்டுக் கணக்கு இப்படி 250 ரூபாய் மிச்சத்தில் நேராகிவிட்டதால், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் ஆகஸ்ட், செப்டம்பர் மழையில் வரத்து குறைந்தபோது வசூல் 12,600 ரூபாய், ரசீதோ 14,400 ரூபாய். குறைந்த 1,800 ரூபாயைப் பொருளாளர் பொதுநிதியிலிருந்து எடுத்துக் கட்டியதும், மழைக்காலத்தில் மோட்டார் கூடுதலாக மின்சாரம் இழுக்கிறது என்று ஒரு சாராரும், மூட்டைக் கணக்கு சரியாக எழுதப்படவில்லை என்று இன்னொரு சாராரும் பேசத் தொடங்கினார்கள். இரண்டாவது பேச்சு பதிவேடு எழுதும் பையனைப் புண்படுத்தியது. இரண்டுமே தவறு என்பது இப்போது தெரிந்துவிட்டபடியால், அதை இந்தச் சபையில் பதிவு செய்வது என் கடமை.

காரணம் இதுதான்: நம் மின்ரசீது ஒரே வகைச் செலவு அல்ல. ஒரு பகுதி மூட்டை வந்தாலும் வராவிட்டாலும் வருவது: வாங்கியிருக்கும் மின்பளுவுக்கான நிலைக்கட்டணம், காவலர் அறை விளக்கு, தினமும் காலையில் ஓடையிலிருந்து தொட்டியை நிரப்ப மோட்டார் ஓடும் நேரம் ஆகியவை இதில் அடங்கும். மறுபகுதி ஒவ்வொரு மூட்டையோடும் கூடுவது: டிரம் சுழல்வதும் அதற்குத் தண்ணீர் பாய்வதும். இப்படி இரண்டும் கலந்து ஒரே தொகையாக வருவதைக் கணக்கியலில் கலப்புச் செலவு என்கிறார்கள். வரத்து குறைந்தாலும் நிலையான பகுதி குறைவதில்லை. அதைக் குறைந்த மூட்டைகள் பங்கிட்டுக்கொள்ளும்போது மூட்டைக்கு 3 ரூபாய் 43 காசு விழுகிறது. பிப்ரவரி, மார்ச்சில் அதே கணக்கு 2 ரூபாய் 76 காசுக்கு இறங்கிவிடுகிறது. மோட்டாரும் பதிவேடும் குற்றமற்றவை.

கலந்ததைப் பிரிக்க, ஊட்டியில் பி.காம். படிக்கும் உறுப்பினர் ஒருவரின் மகள் உயர்-தாழ் முறையைக் காட்டிக்கொடுத்தார். அதற்குமுன் ஒரு சிறு திருத்தம் தேவைப்பட்டது. மீட்டர் அளவெடுப்பது மாத நடுவில்; நம் பதிவேடு மாதக் கடைசியில் முடிவது. மூட்டை ஒரு காலத்துக்கும் ரூபாய் வேறொரு காலத்துக்குமாக இருந்தால் எந்த முறையும் பயன்படாது என்பதால், அளவெடுத்த தேதியிலிருந்து அடுத்த அளவெடுத்த தேதிவரை மூட்டைகளைப் பொருளாளர் மறுபடி கூட்டினார். கீழே உள்ளவை அப்படிக் கூட்டியவை. மாதப்பெயர்கள் அடையாளத்துக்கு மட்டுமே.

| காலம் | மூட்டைகள் | ரசீது (ரூபாய்) |
|---|---|---|
| ஏப்ரல், மே | 7,900 | 21,500 |
| ஜூன், ஜூலை | 6,100 | 18,150 |
| ஆகஸ்ட், செப்டம்பர் | 4,200 | 14,400 |
| அக்டோபர், நவம்பர் | 5,600 | 17,600 |
| டிசம்பர், ஜனவரி | 8,400 | 26,900 |
| பிப்ரவரி, மார்ச் | 9,200 | 25,400 |

மிக அதிக மூட்டை கழுவிய காலம் பிப்ரவரி, மார்ச். மிகக் குறைவாகக் கழுவியது ஆகஸ்ட், செப்டம்பர். இவ்விரண்டுக்கும் இடையே மூட்டையில் வித்தியாசம் 5,000, ரசீதில் வித்தியாசம் 11,000 ரூபாய். நிலையான பகுதி இரண்டு ரசீதிலும் ஒன்றுதான் என்றால், இந்த 11,000 ரூபாய் முழுவதும் கூடுதலாக வந்த 5,000 மூட்டைகளால் வந்ததாகவே இருக்க வேண்டும். ஆகவே மாறும் செலவு மூட்டைக்கு 2 ரூபாய் 20 காசு. 9,200 மூட்டைக்கு அது 20,240 ரூபாய். 25,400-இலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது 5,160 ரூபாய். தாழ்ந்த காலத்தில் செய்து பார்த்தாலும் 14,400-இலிருந்து 9,240 போக அதே 5,160 வருகிறது. இதுவே இரண்டு மாதத்துக்கான நம் நிலையான செலவு. இரண்டு பக்கமும் ஒரே விடை வருவது கூட்டல் கழித்தலில் பிழையில்லை என்பதை மட்டுமே காட்டும்; தேர்ந்தெடுத்த இரண்டு காலங்களும் சரியானவையா என்பதை அது சொல்லாது.

அந்தத் தேர்வில்தான் நாங்கள் முதலில் சறுக்கினோம். மிக உயர்ந்த ரசீது டிசம்பர், ஜனவரியில் வந்த 26,900 என்பதால், அதையே உயர்ந்த புள்ளியாக எடுத்துக்கொண்டு நானே ஒரு கணக்குப் போட்டேன். மூட்டைக்கு ஏறக்குறைய 2 ரூபாய் 98 காசும், நிலையான செலவு 1,900 ரூபாயும் வந்தன. இரண்டு பக்கமும் சரிபார்த்தபோது அதுவும் பொருந்தத்தான் செய்தது! ஆனால் ரசீதைத் திருப்பிப் பார்த்த பொருளாளர், நிலைக்கட்டணம் என்று அச்சிட்டிருப்பதே இரண்டு மாதத்துக்கு 3,200 ரூபாய் ஆயிற்றே, மொத்த நிலையான செலவு அதைவிடக் குறைவாக எப்படி இருக்கும் என்று கேட்டார். மேலும் அந்த விகிதப்படி பிப்ரவரி, மார்ச்சில் 29,000 ரூபாய்க்குமேல் வந்திருக்க வேண்டும், வந்தது 25,400. உயர்வையும் தாழ்வையும் மூட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், ரூபாயைப் பார்த்து அல்ல என்பது எனக்கு இப்படித்தான் புரிந்தது. ரூபாய் என்பது விளைவு. அதில் வேறு காரணங்களும் ஒளிந்திருக்கலாம்.

ஒளிந்திருந்த காரணத்தையும் இதே கணக்கு வெளியே கொண்டுவந்தது. 8,400 மூட்டைக்கு 5,160-உம் 18,480-உம் சேர்த்து 23,640 ரூபாய் வந்திருக்க வேண்டும். வந்தது 3,260 ரூபாய் கூடுதல். விசாரித்ததில், உறைபனி விழுந்த அந்த நாட்களில் ஓடையில் உள்ள புட்வால்வு ஒழுகி, குழாயில் நின்ற தண்ணீர் இறங்கிவிட்டபடியால், தொட்டி நிரம்ப மோட்டார் வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடியிருக்கிறது என்று தெரிந்தது. பிப்ரவரியில் மெக்கானிக் வந்து வால்வை மாற்றிய பிறகே அது நின்றது. இனி ஒவ்வொரு ரசீதும் வந்தவுடன் இந்தக் கணக்கோடு ஒப்பிடப்படும். மோட்டார் போட்ட நேரமும் நிறுத்திய நேரமும் பதிவேட்டில் எழுதப்பட்டு வருகின்றன.

மீதியுள்ள மூன்று ரசீதுகளையும் வைத்துப் பார்த்தோம். அக்டோபர், நவம்பருக்கு 17,480 ரூபாய் எதிர்பார்க்க, 17,600 வந்தது. 120 ரூபாய் பெரிய வித்தியாசமல்ல. ஏப்ரல், மேக்கு எதிர்பார்த்தது 22,540, வந்ததோ 21,500. இதற்குக் காரணம் நம்மிடம் இல்லை: 2024 ஜூலை 1 முதல் மின்கட்டணம் 4.83 சதவீதம் உயர்ந்தது, அந்த ரசீது பழைய கட்டணத்தில் போடப்பட்டது. 22,540-ஐப் பழைய கட்டணத்துக்கு இறக்கினால் 21,500-தான் வருகிறது. ஜூன், ஜூலை ரசீது பாதி பழையதும் பாதி புதியதுமாக இடையில் நிற்கிறது. நாம் எடுத்த இரண்டு காலங்களும் ஜூலைக்குப் பிந்தையவையாக அமைந்தது நம் நல்லூழ். ஏப்ரல், மேயில் வரத்து மிக அதிகமாக இருந்திருந்தால், கட்டண உயர்வையும் மூட்டையின் செலவையும் ஒன்றாகக் குழப்பியிருப்போம். அப்போது ரூபாயை விட்டு மீட்டர் யூனிட்டுகளில் கணக்குப் போட்டு, கடைசியில் கட்டணத்தால் பெருக்க வேண்டியிருந்திருக்கும்.

இந்த முறை ஆறு ரசீதில் இரண்டை மட்டுமே நம்புகிறது என்ற குறை அதில் உண்டு. அந்த இரண்டில் ஒன்று டிசம்பர், ஜனவரியைப் போல் கெட்டிருந்தால் விடை முழுவதும் கெடும். ஆகவே மற்ற நான்கையும் சாட்சிக்கு அழைக்காமல் விடக் கூடாது. தவிர, 4,200-க்கும் 9,200-க்கும் இடைப்பட்ட வரத்துக்கே இது பொருந்தும். நிலையம் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் 5,160 ரூபாய் வரும் என்று எண்ண வேண்டாம்; காலையில் தொட்டி நிரப்பும் வேலையே நின்றுவிடுவதால் அதைவிடக் குறைவாகவே வரும்.

மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பும் வெளி வியாபாரி ஒருவர் ஆகஸ்டில் 1,200 மூட்டைகளைக் கழுவித்தரக் கேட்டு, மின்சாரப் பங்காக மூட்டைக்கு 2 ரூபாய் 50 காசு தருவதாகச் சொன்னதைச் செயற்குழு மறுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். 3 ரூபாய் அடக்கம் என்று நினைத்து மறுத்தோம். அந்த மூட்டைகளால் உண்மையில் கூடியிருக்கக்கூடியது 2 ரூபாய் 20 காசுதான். மூட்டைக்கு 30 காசு வீதம் 360 ரூபாய் நிலையான செலவுக்கு உதவியிருக்கும். தொகை சிறியது, வருந்தும் அளவுக்கு இல்லை. ஆனால் நஷ்டம் என்று நாம் சொன்ன காரணம் சரியல்ல.

2025 ஜூலை 1 முதல் மீண்டும் 3.16 சதவீத உயர்வு வந்திருப்பதால், நிலையான செலவு இரண்டு மாதத்துக்கு 5,323 ரூபாயாகவும், மாறும் செலவு மூட்டைக்கு 2 ரூபாய் 27 காசாகவும் கொள்ளப்பட்டுள்ளன. ஆண்டின் நிலையான செலவு 31,938 ரூபாய். இதை 64 உறுப்பினர்களும் தலைக்கு 500 ரூபாய் ஆண்டுக் கட்டணமாகச் செலுத்துவதென்றும், மூட்டைக்கு 3 ரூபாய்க்குப் பதிலாக 2 ரூபாய் 30 காசு வாங்குவதென்றும் செயற்குழு முன்வைக்கிறது. இருபது சென்ட் வைத்திருப்பவரும் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரும் ஒரே 500 ரூபாய் கட்டுவதா என்ற கேள்வி செயற்குழுவிலேயே எழுந்தது. அந்தக் கேள்வி நியாயமானது என்பது என் கருத்து. எவ்வளவு நிலையானது, எவ்வளவு மாறுவது என்பதைத்தான் கணக்கு சொல்லும். நிலையானதை யார் எவ்வளவு சுமப்பது என்பதை இந்தப் பொதுக்குழுதான் முடிவு செய்ய வேண்டும். தலைக்குச் சமமாகவா, நிலப்பரப்பின்படியா என்ற இரண்டு தீர்மானங்களையும் வாக்கெடுப்புக்கு வைக்குமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்