ஓடிபி சொன்னது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் சேலம் பதிப்பில் ‘ஓடிபி எண்ணைக் கூறி ரூ.1.86 லட்சத்தை இழந்த முதியவர்’ என்று ஒரு செய்தி வந்தது. அந்த முதியவர் நான்தான். வயது, சூரமங்கலம், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் என்று மற்றதையெல்லாம் சரியாக விசாரித்து எழுதிய உங்கள் நிருபர், தலைப்பில் போட்ட ஒரு விஷயத்தை மட்டும் விசாரிக்கவில்லை. நான் யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை. எனக்கு ஓடிபி வரவே இல்லை. வந்திருந்தால் அல்லவா சொல்வதற்கு!

நடந்தது இதுதான். நவம்பர் மாதம் எங்களைப் போன்றவர்கள் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டிய மாதம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. காலை 10.52க்கு ஒரு அழைப்பு. நல்ல தமிழ், சார் சார் என்று மரியாதை. என் பென்ஷன் உத்தரவின் பிபிஓ எண், ஓய்வு பெற்ற தேதி, பென்ஷன் எந்தக் கிளையில் வருகிறது என்பதெல்லாம் அவனே சொன்னான். என் பெண்டாட்டிக்குக்கூட என் பிபிஓ எண் தெரியாது. இதெல்லாம் அவன் கைக்கு எப்படிப் போனது என்று உங்கள் செய்தியில் ஒரு வரியாவது உண்டா? முதியவர் ஏமாந்தார், அவ்வளவுதான் செய்தி.

“இந்த வருஷம் வீட்டிலிருந்தே செய்துவிடலாம் சார், வரிசையில் நிற்க வேண்டாம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்பினான். அரசாங்கமே ஜீவன் பிரமாண் என்று செயலி வைத்திருக்கிறது, முகத்தைக் காட்டினால் போதும் என்று விளம்பரமும் செய்கிறது. இந்த லட்சணத்தில் எந்தப் பென்ஷன்தாரர் சந்தேகப்படுவார்? நிஜச் செயலி பிளே ஸ்டோரில் இருக்கும், இது பெயர் .apk என்று முடியும் கோப்பு என்கிற வித்தியாசத்தை எனக்கு விளக்கியது பிறகு வந்த என் மகள். திறந்ததும் எஸ்எம்எஸ் பார்க்க அனுமதி கேட்டது. என் போனில் எந்தச் செயலிதான் அதைக் கேட்கவில்லை? கணக்கு எண், பிறந்த தேதி, கார்டு விவரம் கேட்டது, கொடுத்தேன். கார்டை பெட்ரோல் பங்கிலும் துணிக்கடையிலும் தினம் ஊர் உலகத்துக்குக் காட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்? ‘சரிபார்க்கப்படுகிறது, 24 மணி நேரம் காத்திருக்கவும்’ என்று வந்தது. 11.09க்குப் பேச்சு முடிந்தது. அவன் ஓடிபி பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் போனை வைத்திருப்பேன், நானும் பேப்பர் படிக்கிறவன்தான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. எஸ்எம்எஸ் அனுமதி வாங்கிய அந்தச் செயலி, வங்கியிலிருந்து வரும் ஒவ்வொரு குறுஞ்செய்தியையும் எனக்குக் காட்டாமல் அவனுக்கு அனுப்பிவிட்டது. என் கணக்கில் அதுவரை நெட் பேங்கிங்கே கிடையாது. 11.21க்கு என் பெயரில் புதிதாகத் தொடங்கி, அடுத்த அரை மணி நேரத்துக்குள் ரூ.99,000, ரூ.64,000, ரூ.23,500 என்று மூன்று தடவையாக எடுத்துவிட்டான். என் போன் மேசை மேல்தான் கிடந்தது. ஒரு ‘டிங்’ சத்தம்கூட இல்லை.

மாலையில் நான்கு ரோடு பக்கம் மருந்துக்கடையில் ஸ்கேன் செய்தபோதுதான் கணக்கில் பணம் இல்லை என்று வந்தது. உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடித்தோம், என் போனிலிருந்து அல்ல, மனைவியின் போனிலிருந்து. என் போனை மகள் ஃபிளைட் மோடில் போடச் சொல்லிவிட்டாள். அந்தச் செயலி இருக்கிற போனிலிருந்து என்ன செய்தாலும் அவனுக்குத் தெரியும் என்றாள். 1930ல் கேட்டது பரிமாற்றத்தின் 12 இலக்க எண். அது வரும் குறுஞ்செய்திதான் என்னிடம் இல்லையே! மகள் தன் போனில் என் மெயிலைத் திறந்து பார்த்தாள். செயலி எஸ்எம்எஸ்ஸை மறைத்ததே தவிர மெயிலைத் தொடவில்லை. நெட் பேங்கிங் தொடங்கிய நேரமும், மூன்று பரிமாற்றத்தின் எண்களும் அதில் வரிசையாக இருந்தன. மறுபடி அழைத்துச் சொன்னோம், பதிவு எண் கொடுத்தார்கள். அன்று இரவே cybercrime.gov.in தளத்தில் முழுப் புகாரையும் ஏற்றினாள்.

1930ல் பதிவானதும் பணம் போன வங்கிக்குத் தகவல் போகிறது. அங்கே பணம் இன்னும் இருந்தால் நிறுத்தி வைக்கிறார்கள். வேறு கணக்குக்குப் போயிருந்தால் அந்த வங்கிக்குத் தகவல் நகர்கிறது. ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் அங்கே கதை முடிந்தது. என் விஷயத்தில் பணம் போய் ஐந்தாறு மணி நேரம் ஆகியும் ரூ.64,000 முதல் கணக்கிலேயே அசையாமல் இருந்தது, அது நின்றது. மற்ற இரண்டும் கை மாறி வெளிமாநிலத்தில் பணமாகிவிட்டன. நேரமாகிவிட்டது, இனி என்ன பிரயோசனம் என்று உட்கார்ந்திருந்தால் அந்த 64,000மும் போயிருக்கும். இதையெல்லாம் போட்டிருந்தால் நாலு பேருக்கு உபயோகம். நீங்கள் போட்டது என் வயதை.

அப்புறம் நேரில் புகார் கொடுக்கப் போன கதை. எந்த அலுவலகம் என்று நான் எழுதவில்லை, மரியாதைக்காக. தளத்தில் ஏற்றியது எஃப்ஐஆர் ஆகாது என்பதால் போனேன். நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவர், கடைசியில் படித்துக் காட்டினார்: ‘...நம்பி ஓடிபி எண்ணைத் தெரிவித்ததால்’. நான் அப்படிச் சொல்லவில்லையே என்றேன். “எல்லாப் புகாரும் இப்படித்தான் சார் இருக்கும், கையெழுத்துப் போடுங்க” என்றார். ரயில்வேயில் வேலை பார்த்தவன், நடக்காததை நடந்ததாக எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி எங்களை யாரும் பழக்கவில்லை. மாற்றி எழுதும் வரை எழுந்திருக்கவில்லை. மாற்றினார்கள், முகம் சுளித்தபடி. அன்றைக்குக் கொடுத்தது புகார் வந்தது என்பதற்கான ஒரு சிஎஸ்ஆர் ரசீதுதான், எஃப்ஐஆர் கேட்டதற்கு ‘மேலே கேட்கணும்’.

ஏற்காட்டில் இருக்கும் என் மைத்துனர் புகார் கொடுக்கப் போன கதி இதைவிட மோசம். மாநகரப் போலீஸ் வேறு, மாவட்டப் போலீஸ் வேறு என்று மலைக்கும் ஊருக்கும் அவரை அலையவிட்டார்கள். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 173வது பிரிவு சொல்கிறது. சட்டம் வந்த அன்று நீங்களே பக்கம் பக்கமாகப் போட்டீர்கள்.

மாற்றாத பழைய வாசகம்தான் உங்கள் நிருபருக்குப் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். சூரமங்கலத்தில்தானே இருக்கிறேன், அவர் ஒரு தடவை என்னைக் கேட்டிருக்கலாம்.

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு கோபமா என்று நீங்கள் கேட்கலாம். அந்த வார்த்தையின் விலை ரூ.1,22,500 ஐயா. 2017 ஜூலை 6ல் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கை உங்கள் வணிகப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் மூன்றாம் ஆளிடம் இருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. ரகசிய விவரத்தைத் தானே கொடுத்தார் என்றால், தெரிவிக்கும் வரை போன பணம் முழுக்க அவர் தலையில். யார் தவறு என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வங்கியுடையது என்றும் அதிலேயே இருக்கிறது. நான் வங்கிக்குப் போய் இதைச் சொன்னபோது மேலாளர் என்ன காட்டினார் தெரியுமா? உங்கள் செய்தியின் கத்தரித்த துண்டு. “நீங்களே ஓடிபி சொன்னதாகப் பேப்பரிலேயே வந்திருக்கே சார்.” நிரூபிக்கும் வேலையை அவருக்கு நீங்களே முடித்துக் கொடுத்துவிட்டீர்கள்.

கார்டு விவரம் கொடுத்தீர்களே என்றும் கேட்டார். கொடுத்தேன், ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு ரூபாய் எடுக்க முடியாது என்பதற்காகத்தானே ஓடிபி என்று ஒன்றை வைத்தீர்கள் என்றேன். பதில் இல்லை. என் போனின் அழைப்புப் பட்டியலில் 11.09க்குப் பிறகு புது எண்ணிலிருந்து ஒரு அழைப்பும் கிடையாது. வாட்ஸ்அப்பில் அந்தக் கோப்போடு பேச்சு நின்றுவிட்டது. நெட் பேங்கிங் தொடங்கியது 11.21. பன்னிரண்டு நிமிடம் கழித்து வந்த ஓடிபியை எந்த வாய் வழியாகச் சொன்னேன்? எந்தக் கருவியிலிருந்து, எந்த ஐபி முகவரியிலிருந்து அந்தப் பதிவு நடந்தது என்பது வங்கியின் பதிவேட்டில் இருக்கும், எடுத்துப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் போனை ரீசெட் செய்துவிடுங்கள் என்றான், நல்ல வேளை கேட்கவில்லை. செய்திருந்தால் அழைப்புப் பட்டியலும் போயிருக்கும், அந்தக் கோப்பும் போயிருக்கும், உங்கள் செய்தி மட்டும்தான் ஆதாரமாக மிஞ்சியிருக்கும்.

நிறுத்தி வைத்த 64,000ஐ வாங்கவும் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டுமாம். அது தனிக் கதை, அதை எழுதினால் உங்கள் பக்கம் போதாது.

இன்னொன்று. நீங்கள் ஊரும் வேலையும் போட்ட மறுநாளே ஒருவன் அழைத்தான், இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று. செய்தியைப் படித்துவிட்டுத்தான் பேசினான். சொந்தக்காரர்கள் வந்து ‘இந்த வயசுல எதுக்கு இந்தப் போன்’ என்று புத்திமதி சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனது தனி. பணத்தை எடுத்தவனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நஷ்ட ஈடு கேட்கவில்லை, மன்னிப்பும் வேண்டாம். ‘ஓடிபி எண்ணைக் கூறி’ என்று போட்டது தவறு, அவர் போனில் நிறுவப்பட்ட போலிச் செயலி குறுஞ்செய்திகளைத் திருடியது என்று, அதே சேலம் பதிப்பில், தேதியோடு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். வங்கியின் பதில் பிடிக்காவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதுவதாக இருக்கிறேன், அந்த மனுவோடு இணைக்க எனக்கு அந்தத் துண்டு தேவை. முடிந்தால் அடுத்த வாரத்துக்குள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
சூரமங்கலம், சேலம்.
(பெயர் வேண்டாம். உங்கள் நிருபர் எழுதியதை வைத்தே தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.)