திருப்பணி நிறைவு அறிக்கை: சில்லறைச் செலவுப் பெட்டியில் குறைந்த 1,042 ரூபாய்

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ராஜகோபுரச் சுதை வேலை, பிராகாரத் தளம், மடப்பள்ளிக் கூரை மூன்றும் முடிந்து கும்பாபிஷேகமும் ஆயிற்று. வேலைகளை நீங்களே வந்து பார்த்தீர்கள். பெரிய தொகைகள் எல்லாம் காசோலையில் போனவை. வரவு செலவுப் பட்டியலை வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறோம். ஆனால் கூட்டத்தில் பலர் கேட்டது இன்னொன்று: நடுவில் சில்லறைப் பெட்டியில் பணம் குறைந்ததாமே, என்ன ஆயிற்று? அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

திருப்பணி தொடங்கியபோது வங்கியிலிருந்து 15,000 ரூபாய் எடுத்துக் கணக்கரிடம் கொடுத்தோம். சுண்ணாம்பில் சேர்க்கும் கடுக்காய், கருப்பட்டி, சாரத்துக்குக் கயிறு, வண்டி வாடகை, வேலையாட்களுக்கு டீ என்று அன்றாடம் கைக்காசாகப் போகும் செலவுகளுக்கு இந்தப் பணம். ஒவ்வொரு செலவுக்கும் ஒரு வவுச்சர், அதன் பின்னால் கடை பில். பணம் தீரும் நேரத்தில் வவுச்சர்களைக் கூட்டி, அந்தத் தொகைக்கு மட்டும் காசோலை எழுதிப் பெட்டியை மறுபடி 15,000 ஆக்க வேண்டும். ஆகவே எந்த நாளில் திறந்தாலும் பெட்டியில் உள்ள ரொக்கமும் வவுச்சர்களும் சேர்ந்து 15,000 வர வேண்டும். பணத்தை எண்ணிப் பார்த்தால் அன்றே தெரிந்துவிடும் என்பதுதான் இந்த முறையின் வசதி.

ஐந்தாம் முறை நிரப்பும் நாளில் தெரிந்தது. வவுச்சர்கள் 12,385. பெட்டியில் இருந்திருக்க வேண்டியது 2,615. எண்ணியபோது 500 ரூபாய்த் தாள் இரண்டு, நூறு நான்கு, ஐம்பது இரண்டு, இருபது இரண்டு, பத்து மூன்று, நாணயம் 3. ஆக 1,573. குறைவு 1,042.

உடனே ஒருவர், "நான் போட்டுடுறேன், விடுங்க" என்று பையில் கை வைத்தார். இன்னொருவர், 'இதர செலவு' என்று ஒரு வவுச்சர் எழுதிவிடலாம் என்றார். இரண்டையும் பொருளாளர் ஏற்கவில்லை. காரணம் தெரியாமல் பணத்தைப் போட்டு நிரப்பினால், பணம் எங்கே போனது என்பது கடைசி வரை தெரியாது. இதர செலவு என்றால், நடக்காத செலவுக்குக் கோயில் பணத்தில் காசோலை எழுதினதாகிவிடும். அவர் சொன்னது சரி. அன்று காசோலை எழுதவில்லை.

முதலில் பணத்தை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, வவுச்சர்களையும் மறுபடி கூட்டினோம். அதில் தவறில்லை. அடுத்து பொருளாளர் 1,042ஐ ஒன்பதால் வகுத்துப் பார்த்தார். பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாற்றி எழுதினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். இது வகுபடவில்லை. ஆகவே இலக்க மாற்றம் இருந்தாலும் அது மட்டும் காரணம் இல்லை, வேறு காரணமும் இருக்கிறது என்று தெரிந்தது.

அப்புறம் ஒவ்வொரு வவுச்சரையும் அதன் பின்னாலுள்ள பில்லோடு வைத்துப் பார்த்தோம். நாட்டுமருந்துக் கடைக் கடுக்காய் பில் 860. வவுச்சரில் 680 என்று எழுதியிருந்தது. கடைக்காரருக்குக் கொடுத்தது பில்லில் உள்ள தொகைதான். ஆக 180 இங்கே போயிற்று. மீதி 862.

அடுத்து முந்தைய தடவை நிரப்பிய கணக்கு. அப்போது வவுச்சர்கள் 11,747. எடுத்த காசோலை 11,700. சில்லறை எதற்கு என்று கணக்கர் கழித்துவிட்டிருந்தார். அன்றிலிருந்து பெட்டி 14,953 ரூபாய்ப் பெட்டியாகிவிட்டது, நாங்கள் 15,000 என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். 47 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு தடவையும் இப்படி வட்டத் தொகை எடுத்தால் குறைவு கூடிக்கொண்டே போகும், ஒருவருக்கும் காரணம் தெரியாது. மீதி 815.

இந்த இடத்தில்தான் எனக்கு நினைவு வந்தது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு வியாழக்கிழமை மாலை, கணக்கர் ஊரில் இல்லை, சாவி என்னிடம். கொத்தனார் ஒருவர் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வந்தார். 1,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். நாட்காட்டித் தாளில் எழுதினேன். பெட்டியில் வைக்க மறந்து சட்டைப் பையில் வைத்தேன். சட்டை துவைக்கப் போய்விட்டது. சனிக்கிழமை கூலி எழுதியவருக்கு விஷயமே தெரியாது, முழுக் கூலியும் கொடுத்துவிட்டார். கொத்தனாரைக் கேட்டபோது, "பிடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன் சார்" என்றார். அடுத்த சனிக்கிழமை 1,000ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தப் பணத்துக்கு வவுச்சர் போட முடியாது. முன்பணம் செலவாகாது. சீட்டு பெட்டியில் இருந்திருந்தால் அதுவே ரொக்கத்துக்குச் சமமாக எண்ணப்பட்டிருக்கும்.

ஆயிரம் கிடைத்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள், பொருளாளர் மட்டும் எழவில்லை. 815 தேடினோம், கிடைத்தது 1,000. அப்படியானால் பெட்டியில் 185 ரூபாய் கூடுதலாக இருக்கிறது. குறைவு தீர்ந்துவிட்டது என்று அன்று விட்டிருந்தால் இது மறைந்தே போயிருக்கும். கூடுதல் பணம் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நன்கொடை ரசீதுப் புத்தகத்தின் அடிச்சீட்டுகளை வங்கிச் சலான்களோடு ஒப்பிட்டோம். ஒரு அம்மா கொடுத்த 200 ரூபாய்க்கு ரசீது இருந்தது, வங்கியில் கட்டிய தடயம் இல்லை. அன்று அவசரத்தில் அதை இந்தப் பெட்டியிலேயே போட்டிருக்கிறார்கள். அந்த இருநூறு இல்லாவிட்டால் பெட்டியில் குறைவு 1,242 என்று தெரிந்திருக்கும். இப்போது 185 கூடுதல் போய் 15 ரூபாய் குறைவு நின்றது.

அந்தப் பதினைந்துக்குக் காரணம் கிடைக்கவில்லை. டீக் கடையில் சில்லறை மாறியிருக்கலாம். 'ரொக்கக் குறைவு' என்றே பெயரிட்டு வவுச்சர் எழுதித் தலைவர் கையெழுத்திட்டார். அது வரவு செலவில் தனி வரியாக இருக்கிறது.

பிறகு நிரப்பினோம். கடுக்காய் வவுச்சரைத் திருத்தியபின் மொத்தம் 12,565. அதோடு பதினைந்தும் முந்தைய 47ம் சேர்த்துக் காசோலை 12,627. நன்கொடை 200ஐ எடுத்து வங்கியில் கட்டினோம். பெட்டியில் நின்ற 1,373, கொத்தனார் தந்த ஆயிரம், இந்தக் காசோலை மூன்றும் சேர்ந்து சரியாக 15,000.

அதற்குப் பிறகு நன்கொடைப் பணம் அந்தப் பெட்டியைத் தொடக்கூடாது என்றும், முன்பணம் கொடுத்தால் வாங்குபவர் கையெழுத்திட்ட சீட்டு அன்றே பெட்டிக்குள் போக வேண்டும் என்றும், அதன் விவரம் கூலிப் புத்தகத்தில் சிவப்பு மையில் ஏற வேண்டும் என்றும் வைத்துக்கொண்டோம். சாவி கணக்கரிடம் மட்டும். என்னிடம் இல்லை. சொல்லாமல் வந்து எண்ணுகிற வேலையைப் பொருளாளர் எடுத்துக்கொண்டார். இரண்டு முறை வந்தார், இரண்டு முறையும் சரியாக இருந்தது.

கும்பாபிஷேகம் முடிந்த மறுவாரம் பெட்டியை மூடினோம். ரொக்கம் 6,214, வவுச்சர்கள் 8,786. வவுச்சர்களுக்கு இம்முறை காசோலை எழுதாமல் செலவில் ஏற்றிவிட்டு, ரொக்கத்தை வங்கியில் கட்டினோம். சலானும் எல்லா வவுச்சர்களும் அலுவலக அலமாரியில் வரிசை எண்ணோடு இருக்கின்றன; எந்த வெள்ளிக்கிழமை மாலையும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர், திருப்பணிக் குழு