மொத்த விலைக்கு ஒப்பந்தம், மணிக்கணக்கில் பில்: 146 மணி நேரக் கட்டணம் பற்றிய புகார்

பெறுநர்: திட்ட மேலாளர் மற்றும் கணக்குப் பிரிவு

பொருள்: பயிற்சி வகுப்புப் பதிவு இணையதளம் – கூடுதல் பில்லுக்கு ஆட்சேபம்

வணக்கம்.

எங்கள் இணையதளத்தை மொத்த வேலைக்கும் ஒரே விலை என்ற ஃபிக்ஸட் பிரைஸ் முறையில் செய்து தருவதாக நீங்கள் கையெழுத்திட்டீர்கள். உங்கள் விலைப்பட்டியலில் வேலைக்கு 320 மணி நேரம், எதிர்பாராதவற்றுக்கு அதில் 25 சதவீதம், ஆக மொத்தம் 400 மணி நேரம் என்று கணக்கிருந்தது. அந்த 80 மணி நேரம் எதற்கு என்று அன்றே கேட்டேன். "கணக்கு தவறினால் நஷ்டம் எங்களுடையது, அதற்குத்தான்" என்றீர்கள். நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு முழுத் தொகையையும் தந்தோம்.

இப்போது மாற்றக் கோரிக்கைகள் என்ற தலைப்பில் இன்னும் 146 மணி நேரத்துக்கு பில் வந்திருக்கிறது. செலவான மணி நேரத்துக்குப் பணம் வாங்கும் டைம் அண்ட் மெட்டீரியல் முறையில் ஆபத்து வாடிக்கையாளர் தலையில். ஆனால் அதற்கு ஈடாக அவருக்குச் சில உரிமைகள் உண்டு: வாராவாரம் டைம்ஷீட் பார்க்கலாம், எது முதலில் என்று மாற்றிச் சொல்லலாம், வேண்டாம் என்றால் நிறுத்தலாம். எங்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆபத்துக்கான விலையையும் கொடுத்தோம், ஆபத்தையும் நாங்களே சுமக்கிறோம்.

பில்லில் உள்ளதைப் பார்ப்போம். முதல் வரி, "இருக்கை எண்ணிக்கை மேம்பாடு", 22 மணி நேரம். நடந்தது இதுதான்: ஒரு வகுப்பில் ஓர் இடம் மீதமிருந்தபோது இரண்டு பேர் ஒரே நொடியில் பதிவு செய்தார்கள். இருவருக்கும் இடம் உறுதியானது. உங்கள் நிரல் முதலில் காலியிடம் இருக்கிறதா என்று பார்த்தது, பிறகு தனியாகப் பதிவை எழுதியது. இடையில் பூட்டு எதுவும் இல்லாததால் இரண்டாவது ஆளும் நுழைந்துவிட்டார். ஒப்பந்தத்துடன் இணைத்த வேலை விவரமான ஸ்கோப்பில் "ஒரு வகுப்பில் 30 பதிவுகளுக்கு மேல் ஏற்கக் கூடாது" என்று தெளிவாக இருக்கிறது. 31 ஏற்றது பிழை. அதைத் திருத்துவது எப்படி மாற்றமாகும்?

அடுத்த 18 மணி நேரமும் அதே வகைதான். பணம் வந்ததைத் தெரிவிக்கும் வெப்ஹூக் இரண்டு முறை வந்தால், இரண்டு ரசீதுகள் போயின. ஒரே தகவல் மறுபடியும் வரலாம் என்று பணப்பரிமாற்ற சேவையின் கையேட்டிலேயே இருக்கிறது. தகவலின் அடையாள எண்ணைச் சேமித்து, ஏற்கெனவே பார்த்ததா என்று சரிபார்த்திருந்தால் போதும்.

எல்லாமே உங்கள் தவறு என்று சொல்ல வரவில்லை. தள்ளுபடி கூப்பன் (26 மணி நேரம்) நாங்கள் பாதியில் கேட்டது, அதற்குப் பணம் தருகிறோம். பணத்தைத் திருப்பித் தரும் வசதி (34 மணி நேரம்) சற்றுக் குழப்பமானது. "கட்டணம் செலுத்தும் வசதி" என்று மட்டும் எழுதியிருந்தோம். ரத்து செய்தால் பணம் திரும்ப வேண்டும் என்பது அதில் அடங்கும் என்று நாங்கள் நினைத்தோம், நீங்கள் அப்படி நினைக்கவில்லை. எழுதாமல் விட்டது எங்கள் பிழை, கேட்காமல் விட்டது உங்கள் பிழை. பாதியாக, 17 மணி நேரத்துக்குத் தருகிறோம்.

மீதி 46 மணி நேரத்துக்கு "பொதுவான வேலைகள்" என்று ஒரே வரி. யார், எதற்காக என்று எதுவும் இல்லை, தேதியும் மணி நேரமும் மட்டும்தான். நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றமும் கமிட்டாகப் பதிவாகும் கிட் பதிவுகளைப் புரட்டினேன். நீங்கள் எட்டெட்டு மணி நேரம் காட்டிய மூன்று நாட்களில் ஒரு கமிட்கூட இல்லை. கமிட் இல்லாததால் வேலையே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சோதனைக்கும் படிப்பதற்கும் நாள் போகும், எனக்கும் தெரியும். ஆனால் அதை எழுதிக் காட்டுவதுதானே டைம்ஷீட்?

எனவே, பிழைத்திருத்தத்துக்கான 40 மணி நேரத்தைப் பில்லிலிருந்து நீக்குங்கள். 43 மணி நேரத்துக்குத் திருத்திய பில் வந்தவுடன் பணம் வரும். 46 மணி நேரத்துக்கு விவரம் வரும்வரை பேச்சில்லை.

மீதமுள்ள அறிக்கைப் பக்கங்களுக்கு என்ன தேவை என்பது எங்களுக்கே இன்னும் தெளிவாகவில்லை. அதை மணிக்கணக்கு முறையில் செய்யவே விரும்புகிறோம், ஆனால் உச்சவரம்போடு: 60 மணி நேரம். 48-ஐத் தொட்டதும் எங்களிடம் சொல்ல வேண்டும், 60-ஐத் தாண்ட எங்கள் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். டைம்ஷீட் ஒவ்வொரு வெள்ளியும் வரட்டும். அப்புறம், ஸ்கோப்பில் உள்ளது வேலை செய்யவில்லை என்றால் அது பிழை, அதற்கு மணிக்கணக்கு கிடையாது என்று ஒரு வரியும் சேருங்கள்.

பத்து வேலை நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். ஸ்கோப்பின் நகல், கமிட் பட்டியல், உங்கள் பில் மூன்றையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
திட்டப் பொறுப்பாளர்