தலைமாட்டில் அணையாத திரை: முதியோர் இல்ல நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். உறவினர்கள் கொடுத்துவிட்டுப் போன பழைய டேப்லெட்டுகளை, ஒவ்வோர் அறையிலும் கடிகாரமாகவும் குடும்பப் படங்களைக் காட்டும் சட்டமாகவும் வைக்கப் போகிறீர்கள் என்பதை, உங்கள் இல்லத்தில் வசிக்கும் என் தாயார் மூலம் அறிந்தேன். கைப்பேசி, டேப்லெட் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையிலும் மகன் என்ற முறையிலும் இந்த முடிவை வரவேற்கிறேன். மதியத் தூக்கம் கலைந்து எழுந்ததும் இது காலையா மாலையா என்று திகைப்பவர்களுக்குக் கிழமையும் பொழுதும் பெரிய எழுத்தில் கண்ணெதிரே தெரிவது பெரிய உதவி. ஆனால், கட்டிலின் தலைமாட்டில், இரவும் பகலும் சார்ஜரில் செருகியபடி, ஒரே வெளிச்சத்தில் எரியவிடுவது என்ற ஏற்பாட்டை மாற்றுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் வெளிச்சம். தூக்கத்தையும் ஒளியையும் ஆராயும் பன்னாட்டு அறிஞர்கள் 2022இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உறங்குவதற்கு முந்தைய 3 மணி நேரத்தில் கண்ணில் விழும் ஒளி, வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸ் கணக்கில், 10 லக்ஸைத் தாண்டக் கூடாது. உறக்கத்தின்போது அது 1 லக்ஸுக்குள் இருக்க வேண்டும். இது நீல ஒளிக்குக் கூடுதல் எடை கொடுத்து அளக்கும் கணக்கு. பத்து அங்குலத் திரை ஒன்று முழு வெள்ளையாக, சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா என்ற நடுத்தர அளவில் எரிவதாக வைத்துக்கொள்வோம். அரை மீட்டர் தூரத்தில் தலையணையில் இருக்கும் கண்ணில் ஏறத்தாழ 11 லக்ஸ் விழும். ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் அது 3 லக்ஸுக்குச் சற்றுக் குறையும். இரண்டு மீட்டரில் 1 லக்ஸுக்கும் கீழே போய்விடும். தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடுவதால், எந்த அமைப்பைத் தொடுவதற்கு முன்பும் டேப்லெட்டைத் தலைமாட்டிலிருந்து எடுத்துக் கால்மாட்டுச் சுவருக்குக் கொண்டுபோவதே முதல் வேலை. படுத்தபடியே தலையைத் திருப்பாமல் பார்க்கவும் அதுவே வசதியான இடம்.

அடுத்து, பகலுக்கும் இரவுக்கும் திரை வேறாக இருக்க வேண்டும். பகலில் படங்கள் ஓடட்டும். அறையின் வெளிச்சத்துக்கு ஏற்பத் தானே கூடிக் குறைய Adaptive brightness இருக்கட்டும். இரவு எட்டு மணிக்கு மேல் படங்கள் நின்று, கறுப்புப் பின்னணியில் மங்கிய செம்மஞ்சள் நிற எண்கள் மட்டும் தெரிய வேண்டும். படம் மாறும் ஒவ்வொரு முறையும் அறையின் ஒளி திடீரென ஏறி இறங்கும் என்பதால், மங்கலாக வைத்தாலும் படங்கள் இரவுக்கு ஆகாது. ஆண்ட்ராய்டில் Screen saver என்ற பகுதியில் Clock என்பதைத் தேர்ந்தெடுத்தால், அதன் அமைப்புகளில் Night mode கிடைக்கும். அதுவும் போதவில்லையென்றால், ஆண்ட்ராய்டு 12 முதல் வந்த Extra dim திரையின் மிகக் குறைந்த அளவையும் தாண்டி மங்கச் செய்யும். நேரத்துக்கேற்ப மாறும் வசதி உள்ள படச்சட்டச் செயலியாகப் பார்த்து நிறுவினால், மாலையில் பணியாளர்கள் ஒவ்வோர் அறையாகப் போய் மாற்ற வேண்டியதில்லை.

திரையின் வகையையும் கவனிக்க வேண்டும். எல்சிடி திரையில் கறுப்பும் சற்று ஒளிரும், பின்விளக்கு அணைவதில்லை. அமோலெட் திரையில் கறுப்புப் பகுதி முழுவதும் அணைந்துவிடும் என்பதால் இரவுக்கு அது சிறந்தது. ஆனால் எண்கள் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் அவற்றின் தடம் திரையில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். ஆகவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை எண்கள் இடம்மாறும் கடிகாரமாக இருப்பது அவசியம்.

சரிபார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். அறை விளக்கை அணைத்து, கட்டிலில் படுத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை பத்து நிமிடம் காத்திருங்கள். பிறகு முகத்தருகே உள்ள சுவரின் அருகில் கையை நீட்டுங்கள். திரையின் ஒளியால் கையின் நிழல் சுவரில் தெளிவாக விழுந்தால், வெளிச்சத்தை இன்னும் குறைக்க வேண்டும். கழிப்பறைக்கு எழுபவர்களுக்கு வழி தெரியட்டும் என்று திரையைப் பிரகாசமாக விடுவதும் சரியல்ல. அதற்குத் தரையோரம் எரியும் சிறு மஞ்சள் விளக்குதான் பொருத்தம்.

இனி பேட்டரி. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். லித்தியம் பேட்டரி எப்போதும் நூறு சதவீதத்தில், அதுவும் வெப்பத்தில் இருந்தால், உள்ளே வேதிச் சிதைவு வேகமாகி, வாயு சேர்ந்து உப்பத் தொடங்கும். கடைக்கு இப்படி வரும் டேப்லெட்டை கிரானைட் மேசையில் மல்லாக்க வைத்து ஒரு மூலையை விரலால் மெல்லத் தட்டுவேன். தட்டையாக இருக்க வேண்டியது நடுவில் ஊன்றி ஆடும். திரை விளிம்பில் பிளவு விழுவதும், வெள்ளைப் படத்தில் நடுவே வெளிறிய திட்டு தெரிவதும் மற்ற அறிகுறிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே சார்ஜரைப் பிடுங்கிவிட வேண்டும். அமுக்கவோ குத்தவோ கூடாது. மின்கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

புதிதாக வந்த பல டேப்லெட்டுகளில் சார்ஜை 80 அல்லது 85 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உண்டு. அது இருந்தால் இயக்கிவிடுங்கள். வேறு ஏற்பாடு தேவையில்லை. இல்லாத பழையவற்றுக்கு, பிளக்கில் செருகும் 24 மணி நேர டைமர் போதும். ஒரு கணக்கைச் சொல்கிறேன். 7000 மில்லியாம்ப்-மணி பேட்டரி புதிதில் சுமார் 27 வாட்-மணி பிடிக்கும். பழையதாகி 18 வாட்-மணிதான் பிடிக்கிறது என்று வைப்போம். மங்கலான திரையோடு டேப்லெட் மணிக்கு 3 வாட்-மணி செலவழித்தால், இரண்டு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும். 10 வாட் சார்ஜர் அந்தச் செலவையும் தாங்கி ஒரு மணி நேரத்தில் அதை ஏறக்குறைய ஈடுசெய்துவிடும். ஒரு மணி நேரம் மின்சாரம், இரண்டு மணி நேரம் இடைவெளி என்று டைமரை வைத்தால், பேட்டரி நூறைத் தொட்டாலும் அங்கேயே நாள் முழுவதும் நிற்காது. ஆண்ட்ராய்டின் Screen saver பெரும்பாலும் சார்ஜ் ஏறும்போது மட்டுமே ஓடும் என்பதால், டைமர் வைக்கும் அறைகளில் பேட்டரியிலும் திரையை அணையாமல் வைத்திருக்கும் செயலி வேண்டும்.

வெயில் படும் சுவர், திரைச்சீலை, மெத்தை, ஆக்சிஜன் கருவி ஆகியவற்றின் அருகே எதையும் வைக்காதீர்கள். மூடிய மரச்சட்டத்துக்குள் அடைக்காமல் பின்புறம் காற்றோட விடுங்கள். பழைய உரிமையாளரின் கணக்கை நீக்கி, முழுவதுமாக அழித்துவிட்டு, படங்களை டேப்லெட்டிலேயே ஏற்றி, இணையத்தைத் துண்டித்து, கேமராவின் மேல் ஒரு ஒட்டுப்பட்டை ஒட்டுவதும் அறைவாசிகளுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை.

எல்லா அறைகளிலும் ஒரே நாளில் மாட்டாமல், முதலில் விருப்பமுள்ள இரண்டு அறைகளில் மட்டும் வைத்து, வாரம் ஒருமுறை பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, இரவு எப்படி உறங்கினார்கள் என்று அவர்களையே கேட்டறிந்து, பிறகு மற்ற அறைகளுக்குப் போகுமாறு வேண்டுகிறேன். அலுவலக அலமாரியில் இப்போது சார்ஜில் கிடப்பவற்றை மேலே சொன்னபடி மேசையில் வைத்துச் சோதித்துப் பிரித்துத் தர, வரும் ஞாயிறு காலை நானே வரத் தயாராக இருக்கிறேன். அதுவரை அவற்றின் சார்ஜர்களைப் பிடுங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இல்லத்தில் வாழும் ஒரு தாயின் மகன்